உறைபனிக் காலைக்கு வாஷர் லிக்விட் எவ்வளவு கலக்க வேண்டும்: புதுச்சேரியிலிருந்து பனிக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி கடலூர் சாலையில் உதிரிபாகக் கடை வைத்திருப்பதால், டிசம்பர் பிறந்ததும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரத் தொடங்கும். காரிலேயே மணாலி வரை போகிறவர்கள் ஒரு பக்கம். பிரான்ஸில் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் இன்னொரு பக்கம். நம் ஊரில் தை மாத விடியற்காலையிலும் இருபது டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், வைப்பர் தண்ணீர் உறையும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அடிக்கடி கேட்டவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, நான் எப்பவும் ஷாம்பு கலந்த தண்ணிதான் ஊத்துறேன். மணாலிக்கும் அதுவே போதாதா?

போதாது. ஷாம்பு அழுக்கை எடுக்கும், உறைவதைத் தடுக்காது. நாம் ஊற்றும் அளவுக்கு அது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான், பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். சர்வீஸ் சென்டரில் ஊற்றித் தருகிற நீல லிக்விட்டும் பெரும்பாலும் இதே வகைதான். நீலமாக இருப்பதால் உறையாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டப்பாவில் மைனஸ் டிகிரி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கோடைக்கானது.

கண்ணாடி கழுவ முடியாமல் போவதோடு நஷ்டம் நிற்பதில்லை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதம் பெருக்கும். அந்தப் பெருக்கத்துக்கு டேங்கின் மேற்பகுதியில் இடம் கிடைக்கலாம். அடியில் செருகியிருக்கும் சின்ன மோட்டாருக்குள்ளும், பானெட்டுக்குக் கீழே ஓடும் மெல்லிய டியூபிலும், நாசிலிலும் இடமே இல்லை. அதனால் முதலில் விரிசல் விடுவது மோட்டாரின் பிளாஸ்டிக் கூடு, அல்லது டியூப் சேரும் இணைப்பு. ஐஸ் இருக்கும்வரை கசிவு தெரியாது. வெயில் வந்து உருகிய பிறகுதான் வண்டிக்கு அடியில் ஈரம் தெரியும்.

டப்பாவுல மைனஸ் 20னு பெருசா போட்டிருக்கு. அப்ப மைனஸ் 20 வரைக்கும் கவலை இல்லைதானே?

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். ஒன்று அப்படியே ஊற்றும் ரெடி லிக்விட். மற்றது தண்ணீர் சேர்க்க வேண்டிய கான்சன்ட்ரேட். ரெடி லிக்விட்டில் போட்டிருக்கும் டிகிரி, டப்பாவில் இருக்கிறபடியே ஊற்றினால் கிடைப்பது. கான்சன்ட்ரேட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரே சேர்க்காத நிலைக்கானது. நீங்கள் கலக்கும் விகிதத்துக்கு என்ன கிடைக்கும் என்பது பின்பக்கத்தில் சின்ன அட்டவணையாக இருக்கும். கடையில் நின்றபடியே படிக்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான்.

இரண்டாவது, அந்த எண் டேங்குக்குள் இருக்கும் லிக்விட்டுக்கானது. கண்ணாடிமேல் மெல்லிசாகப் பரவும் லிக்விட்டுக்கு அது பொருந்தாது. அது ஏன் என்று கீழே, கூடுதல் பாதுகாப்பு பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கிறேன்.

எந்த டெம்பரேச்சரைப் பார்த்து முடிவு பண்றது? போன்ல மணாலி 6 டிகிரின்னுதான் காட்டுது.

அது நீங்கள் போனைப் பார்த்த நேரத்து வெப்பநிலை. உங்களுக்கு வேண்டியது குறைந்தபட்ச வெப்பநிலை, அதிலும் நீங்கள் அங்கே தங்கும் எல்லா இரவுகளிலும் மிகக் குறைந்தது. ஒரு நாளின் மிகக் குளிரான நேரம் நள்ளிரவு இல்லை, சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டி வருவது. நீங்கள் வண்டியைக் கிளப்புவதும் அதே நேரத்தில்தான். ஐந்து இரவு தங்குகிறீர்கள், குறைந்தபட்சம் மைனஸ் 1, மைனஸ் 2, மைனஸ் 2, மைனஸ் 6, மைனஸ் 3 என்று முன்னறிவிப்பு சொன்னால் உங்கள் எண் மைனஸ் 6. சராசரி எடுக்காதீர்கள். உறைவதற்கு ஒரே ஒரு இரவு போதும்.

அடுத்தது இடம். அறை போட்ட ஊரை மட்டும் பார்த்தால் போதாது, வண்டி போகும் மிக உயரமான இடத்தையும், மிகக் குளிரான இடத்தையும் பார்க்க வேண்டும். பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர் உயரம். அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி லாஹவுல் பக்கம் இருக்கும் சிஸ்ஸு ஏறக்குறைய 3,100 மீட்டர். ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் வேறு குளிர். 2020 அக்டோபரில் அந்தச் சுரங்கம் திறப்பதற்கு முன், குளிர்காலத்தில் அந்தப் பக்கம் காரில் போகவே வழியில்லை. இப்போது மணாலியில் தங்குகிறவர்களில் பலர் ஒருநாளாவது அங்கே போய் வருகிறார்கள். ஆகவே மணாலியின் எண்ணை வைத்துக் கலந்தால் சிஸ்ஸுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆறரை டிகிரிக் கணக்கு தலைகீழாகும் இடமும் உண்டு. காற்றே இல்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கின் அடியில் போய்த் தேங்கும். அப்போது ஆற்றோரம் நிறுத்திய வண்டி, மேட்டில் நிறுத்திய வண்டியைவிடக் குளிர்ந்திருக்கும். ஊட்டியில் தலைகுந்தா பக்கத்துப் பள்ளங்களில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடப்பதும் இதனால்தான். வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைஞ்சபட்சம் மைனஸ் 10னா மைனஸ் 10க்குக் கலந்தா சரியாப் போச்சு. அதுக்கு மேல எதுக்கு?

மைனஸ் 10க்குக் கலந்தது டேங்குக்குள் மைனஸ் 10 வரை தாக்குப்பிடிக்கலாம். கண்ணாடியில் விழுந்த அடுத்த நொடி கதை மாறும். உறையாமல் வைத்திருப்பது லிக்விட்டில் இருக்கும் ஆல்கஹால். அது தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும். மெல்லிசாகப் பரவி, மேலே காற்றும் அடித்தால் ஆல்கஹால் முதலில் பறந்துவிடும், மிச்சம் தண்ணீர்தான். அது உறையும் புள்ளி மேலேறிவிடும். போதாததற்கு, ஆவியாகும் எதுவும் தான் இருந்த இடத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருப்பது இதனால்தான். கண்ணாடியும் அப்படியே குளிர்கிறது.

இன்னொரு காரணம், முன்னறிவிப்பில் வரும் எண் தரையிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில், நிழலில் அளக்கும் காற்றின் வெப்பநிலை. மேகமில்லாத இரவில் திறந்த வெளியில் நிற்கும் காரின் கண்ணாடி, வானத்தை நோக்கிச் சூட்டை இழந்து அந்தக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே கண்ணாடியில் உறைபனி படிவதைப் பார்க்கலாம்.

அதனால் எதிர்பார்க்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இன்னும் 8 முதல் 10 டிகிரி கூடுதல் பாதுகாப்பாக வைத்துக் கலக்கச் சொல்கிறேன். மைனஸ் 10 எதிர்பார்த்தால் மைனஸ் 20. மைனஸ் 2 எதிர்பார்த்தால் மைனஸ் 10. முன்னறிவிப்பு ஒன்றிரண்டு டிகிரி தப்பினாலும் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

வேகமாப் போனா காத்து அடிச்சு இன்னும் குளிருமே, அதையும் சேர்க்கணுமா?

தனியாகச் சேர்க்க வேண்டாம். காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் காய்ந்த கண்ணாடியைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. அந்த வெப்பநிலைக்குச் சீக்கிரம் கொண்டுபோகும், அவ்வளவுதான். போனில் ‘உணரும் வெப்பநிலை’ என்று மைனஸ் 15 காட்டினால் அது நம் தோலுக்கான கணக்கு. கலப்பதற்கு அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகத்தால் ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாவது மட்டும் நிஜம். அதற்குத்தான் முந்தைய பதிலில் சொன்ன 8 முதல் 10 டிகிரி.

இதெல்லாம் சரி, ஒரு வண்டிக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் ஜனவரியில் மணாலி போகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு இரவு மணாலியில், ஓர் இரவு சிஸ்ஸுவில். கிளம்பும் வாரத்தில் முன்னறிவிப்பு மணாலிக்கு மைனஸ் 4, சிஸ்ஸுவுக்கு மைனஸ் 11 என்கிறது. உயரக் கணக்கிலும் சரிபார்க்கலாம். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் வித்தியாசம், ஆறரை டிகிரி, மைனஸ் பத்தரை வருகிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன. குறைந்தது மைனஸ் 11. அதற்குக் கீழே 9 டிகிரி போட்டால் தேவை மைனஸ் 20.

கையில் இருக்கும் கான்சன்ட்ரேட்டின் அட்டவணை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் என்றால் மைனஸ் 20, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்றால் மைனஸ் 10. தேவை மைனஸ் 20, ஆகவே சரிக்குச் சரி. தேவை மைனஸ் 16 என்று வந்திருந்தாலும் சரிக்குச் சரிதான் கலக்க வேண்டும். இரண்டு வரிகளுக்கு நடுவில் விழுந்தால் குளிர் அதிகமான வரியை எடுங்கள். நடுவில் நாமாக ஒன்றரைப் பங்கு என்று வைத்துக்கொள்வது சரிவராது, ஏனென்றால் விகிதமும் டிகிரியும் ஒரே சீராக இறங்குவதில்லை.

டேங்க் மூன்று லிட்டர் பிடிக்கும் என்றால் ஒன்றரை லிட்டர் கான்சன்ட்ரேட், ஒன்றரை லிட்டர் தண்ணீர். இரண்டையும் ஒரு கேனில் முதலில் கலந்துவிட்டு ஊற்றுங்கள். டேங்குக்குள் தனித்தனியாக ஊற்றினால் ஆல்கஹால் லேசானது, மேலேயே நிற்கும். அடியில் மோட்டார் இருக்கும் இடத்தில் தண்ணீர் அதிகமாகத் தங்கிவிடும். தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டராக இருக்கட்டும். கடலூர்ப் பக்கத்து உப்பு போர் தண்ணீர் நாசில் துளையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும்.

வழி முழுக்க வெயில்தான் என்பதால் இங்கேயே கலந்து ஊற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. பழைய தண்ணீரை வழியிலேயே கண்ணாடி கழுவித் தீர்த்துக்கொண்டு போய், மலை ஏறுவதற்கு முன் மண்டி மாதிரி ஓர் ஊரில் நிறுத்தி ஊற்றுங்கள்.

டேங்க்ல கொஞ்சம் பழைய தண்ணி இருக்கு. மேல மைனஸ் 20 லிக்விட்டை ஊத்தி நிரப்பிட்டேன். ஒண்ணும் ஆகாதே?

இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். டப்பா மைனஸ் 20, ஆனால் டேங்குக்குள் இருப்பது மைனஸ் 20 இல்லை.

கணக்கைப் பாருங்கள். எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த லிக்விட்டுக்குக் கொள்ளளவில் 10 சதம் என்றால் ஏறக்குறைய மைனஸ் 4, 20 சதம் மைனஸ் 9, 30 சதம் மைனஸ் 15, 40 சதம் மைனஸ் 23. ஆக மைனஸ் 20 ரெடி லிக்விட்டில் எத்தனால் சுமார் 36 சதம். மூன்று லிட்டர் டேங்கில் ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் இருந்து, மேலே இரண்டு லிட்டர் இந்த லிக்விட் ஊற்றினால் மூன்றில் இரண்டு பங்குதான் லிக்விட். 36 சதம் 24 சதமாகிவிடும். உறையும் புள்ளி மைனஸ் 11 அல்லது 12க்கு ஏறிவிடும். சிஸ்ஸுவின் மைனஸ் 11க்கு அது விளிம்பில் நிற்கிறது, கண்ணாடிக்கு என்று ஒதுக்கிய பாதுகாப்பு முழுக்கப் போய்விட்டது.

ஆகவே பழையதைக் காலி செய்யுங்கள். பட்டனைச் சில நொடி அழுத்துவது, விடுவது, மறுபடி அழுத்துவது என்று தீர்க்கலாம். விடாமல் அழுத்திப் பிடித்தால் மோட்டார் சூடாகும், டேங்க் வற்றிய பிறகும் ஓட்டினால் கெட்டுவிடும். அவசரமென்றால் டேங்க் வாயில் ஒரு மெல்லிய டியூபை விட்டு உறிஞ்சி எடுக்கலாம். புதிது ஊற்றியதும் நாசிலில் அதன் நிறமும் வாசனையும் வரும்வரை அடிக்க வேண்டும். டேங்கில் நல்ல லிக்விட் இருந்தாலும் டியூபில் பழைய தண்ணீர் நின்றால் அது உறைந்து வழியை அடைத்துவிடும். பின்கண்ணாடிக்கும் வைப்பர் இருக்கிற வண்டியில் பின்பக்கத்தையும் அடித்துவிடுங்கள். அந்த டியூப் வண்டி நீளத்துக்கும் ஓடுகிறது, அதில் நிற்கும் தண்ணீரும் அதிகம், மறக்கிறவர்களும் அதிகம்.

எதுக்கு இவ்வளவு கணக்கு? கான்சன்ட்ரேட்டை அப்படியே நிரப்பிட்டா எந்தக் குளிருக்கும் தாங்குமே?

டேங்க் உறையாது, வாஸ்தவம். ஆனால் அதில் சோப்பும் அதே அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. கண்ணாடியில் கோடு கோடாக எண்ணெய்ப் படலம் மாதிரி நிற்கும். எதிரே சூரியனோ ஹெட்லைட்டோ அடித்தால் பாதை தெரியாது. ஆல்கஹால் நெடி காருக்குள் வந்து, ஹீட்டர் போட்டு ஜன்னலை மூடியிருக்கும்போது தலைவலிக்கும். அதோடு அது எளிதில் தீப்பிடிக்கிற திரவம், என்ஜின் அறைக்குள் தேவைக்கு மேல் வைப்பானேன். அப்படியே ஊற்றலாம் என்று டப்பாவிலேயே எழுதியிருந்து, குளிரும் அந்த அளவுக்கு இருந்தால் ஊற்றுங்கள். மைனஸ் 11க்கு அது தேவையில்லை.

இங்க எங்கயும் கிடைக்கல அண்ணே. ஸ்பிரிட் வாங்கி நாமளே கலந்துக்கலாமா?

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் என்று கேட்டு வாங்கிக் கலக்கலாம், அவசரத்துக்கு மட்டும். கொள்ளளவில் 30 சதம் என்றால் ஏறக்குறைய மைனஸ் 15, 40 சதம் என்றால் மைனஸ் 18. அதற்கு மேல் கூட்டினால் செலவுதான் கூடும். 50 சதத்திலும் மைனஸ் 21தான். எனவே 40 சதத்தோடு நிறுத்துங்கள். மைனஸ் 10 வரைக்கும் எதிர்பார்க்கும் பயணத்துக்கு இது சரி. அதற்குக் கீழே போகிறவர்கள் முறையான கான்சன்ட்ரேட்டைத் தேடி வாங்குவது நல்லது.

புட்டியில் எத்தனை சதம் என்று பார்த்து அளவெடுங்கள். 99 சதப் புட்டியென்றால் இரண்டு லிட்டர் கலவைக்கு 800 மில்லி, மீதி டிஸ்டில்ட் வாட்டர். 70 சதப் புட்டியென்றால் அதிலேயே முப்பது சதம் தண்ணீர் இருக்கிறது. 40 சதம் வேண்டுமென்றால் இரண்டு லிட்டருக்கு 1,140 மில்லி எடுத்து 860 மில்லி தண்ணீர் சேர்க்க வேண்டும். இதைப் பாராமல் 800 மில்லியே எடுத்தால் கலவை 28 சதத்தில் நின்றுவிடும். கண்ணாடி கழுவும் சோப் சில சொட்டு போதும். வெளியிடத்தில், அடுப்பும் பீடி சிகரெட்டும் இல்லாத இடத்தில் கலக்குங்கள். கேன்மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள்.

மெத்தனால் மட்டும் வேண்டாம். உறையாமல் வைக்க அது நன்றாகவே வேலை செய்யும், சில நாடுகளில் வாஷர் லிக்விட்டே அதில்தான் செய்கிறார்கள். ஆனால் கொஞ்சம் உள்ளே போனாலும் கண்ணைப் பறிக்கும், உயிரை எடுக்கும், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். 2023 மே மாதம் நமக்குப் பக்கத்து மரக்காணத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் இறந்ததும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் மெத்தனாலால்தான். அதை வைத்திருக்க உரிமம் வேண்டும். யாராவது மலிவாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள், பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

ரேடியேட்டர் கூலன்ட்தான் உறையாதே. அதையே கொஞ்சம் ஊத்தினா?

வேண்டாம். அது ஆவியாகாமல் கண்ணாடியில் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும், வைப்பர் தேய்க்கத் தேய்க்கப் பரவும். பார்வை மறைவதுதான் மிச்சம். பெயின்ட்டுக்கும் ஆகாது, இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கினால் செத்துப்போகும். உப்புத் தண்ணீரும் அப்படித்தான், மோட்டாரையும் பாடியையும் அரித்துவிடும்.

பையன் ஸ்ட்ராஸ்பூர்ல இருக்கான் தம்பி. அங்க கடையில மைனஸ் 10, மைனஸ் 20, மைனஸ் 30னு வச்சிருக்கானாம். எதை வாங்கச் சொல்றது?

மேலே சொன்ன அதே முறைதான் அம்மா, ஒரே வித்தியாசம் அவர் பயணி இல்லை, அங்கேயே வசிக்கிறவர். ஐந்து இரவுக்குப் பதிலாக முழுக் குளிர்காலத்தின் குறைந்தபட்சத்தைப் பார்க்க வேண்டும். ஸ்ட்ராஸ்பூரில் ஜனவரி இரவு சாதாரணமாகப் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். அதைப் பார்த்து மைனஸ் 10 வாங்கினால் பெரும்பாலான நாட்கள் ஓடிவிடும். ஆனால் கிழக்கிலிருந்து குளிர் அலை வரும் வாரத்தில் மைனஸ் 10ஐத் தொடக்கூடிய ஊர் அது. ஆகவே மைனஸ் 20 ரெடி லிக்விட் வாங்கி நவம்பரிலிருந்து மார்ச் வரை அதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

விடுமுறைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவாரா என்று கேளுங்கள். வோஜ் மலையோ ஜூரா மலையோ என்றால் மைனஸ் 30. ஜூராவில் மூத் என்று ஒரு கிராமம், 1968 ஜனவரியில் அங்கே மைனஸ் 36.7 பதிவானது. அந்த எண்ணுக்குக் கலக்கச் சொல்லவில்லை, அது சரித்திரத்தில் ஒருமுறை வந்தது. அந்த மாதிரிப் பள்ளத்தாக்குகளில் ஊரைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கீழே போவது சாதாரணம் என்பதற்காகச் சொல்கிறேன். பாரிஸ் பக்கத்திலேயே இருக்கிறவர்களுக்கு, சார்செல் மாதிரி இடங்களில், மைனஸ் 10 லிக்விட் பெரும்பாலும் சமாளிக்கும், மைனஸ் 20 இருந்தால் நிம்மதி. விலை வித்தியாசம் ஒரு மோட்டார் விலையை நெருங்காது.

மைனஸ் 20 லிக்விட்தான் ஊத்தினேன். மைனஸ் 8லேயே கண்ணாடியில ஐஸ் பிடிச்சிருச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஐஸ் எங்கே பிடித்தது என்று பாருங்கள். நாசிலிலிருந்து லிக்விட் நன்றாக வந்து, கண்ணாடியில் பரவிய பிறகு ஓரங்களில் இறகு இறகாக ஐஸ் கட்டினால் டேங்கில் கோளாறு இல்லை. குளிர்ந்த கண்ணாடியில் ஆல்கஹால் பறந்துபோனதுதான் காரணம், கூடுதல் பாதுகாப்பு பற்றிய பதிலில் சொன்னது இதுவே. வண்டியைக் கிளப்பி, ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, கண்ணாடி கொஞ்சம் சூடான பிறகே அடியுங்கள். படிந்த உறைபனியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முதலில் எடுத்துவிட வேண்டும். வாஷர் லிக்விட்டைக் கொட்டி ஐஸைக் கரைக்கப் பார்த்தால், உருகும் தண்ணீர் அதை இன்னும் நீர்க்கச் செய்யும்.

நாசிலில் எதுவுமே வரவில்லை, அல்லது டேங்க் மூடியைத் திறந்தால் உள்ளே ஐஸ் துகள் மிதக்கிறது என்றால் கலவை பலவீனம். பெரும்பாலும் பழைய தண்ணீர் சேர்ந்திருக்கும். லிக்விட்டையே சந்தேகித்தால் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி, நன்றாக மூடி, ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் பொதுவாக மைனஸ் 18 அளவுக்குப் போகும். உங்களுடையது எவ்வளவு என்று ஒரு ஃப்ரீசர் தெர்மாமீட்டர் சொல்லும். மைனஸ் 20 லிக்விட் காலையில் தெளிவாக ஆட வேண்டும். கூழாக, துகள் துகளாக இருந்தால் அது மைனஸ் 20 இல்லை. கூலன்ட் சோதிக்கும் கருவியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது கூலன்ட்டில் இருக்கும் கிளைக்காலுக்கான அளவுகோல், ஆல்கஹாலுக்குத் தப்பாகக் காட்டும்.

பட்டனை அமுக்கினா உர்ர்னு சத்தம் மட்டும் வருது, தண்ணி வரல. வெந்நீர் ஊத்தலாமா?

கண்ணாடிமேல் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும், தயவுசெய்து செய்யாதீர்கள். மோட்டார் சத்தம் வந்தால் அது ஓடுகிறது, அடைப்பு நாசிலிலோ டியூபிலோ இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் மோட்டாருக்குள் ஐஸ் பிடித்திருக்கலாம், அல்லது அதை மீறி அழுத்தியதில் ஃபியூஸ் போயிருக்கலாம். இரண்டு நிலையிலும் பட்டனை விட்டுவிடுங்கள்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே என்ஜின் சூட்டில் பானெட்டுக்குக் கீழே இருக்கும் டியூபும் நாசிலும் பல நேரம் இளகிவிடும். டேங்க் சக்கரத்துக்கு முன்னால் பம்பருக்குள் இருக்கிற வண்டிகளில் அந்தச் சூடு அங்கே போகாது. அப்போது மூடிய கார் நிறுத்துமிடத்திலோ நல்ல வெயிலிலோ சில மணி நேரம் விட வேண்டியதுதான். உருகியதும் அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டவில்லையென்றால் இருக்கிற கலவையை முழுக்கத் தீர்த்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கான்சன்ட்ரேட்டைக் கொஞ்சம் சேர்த்துச் சரிசெய்யலாம் என்றால், உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாமல் எந்த வரியைப் பார்த்து எவ்வளவு ஊற்றுவீர்கள்?

ஊருக்குத் திரும்பி வந்தாச்சு. மிச்சம் இருக்கறதை அடுத்த வருஷத்துக்கு வச்சிக்கலாமா?

டேங்கில் இருப்பதை வைக்காதீர்கள், கண்ணாடி கழுவித் தீர்த்துவிடுங்கள். டேங்க் மூடி காற்றுப் புகாத மூடி இல்லை. நம் ஊர் சித்திரை வெயிலில் ஆல்கஹால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடும், பார்க்க அதே நீலத்தில்தான் இருக்கும். அடுத்த ஜனவரியில் அது மைனஸ் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது. மூடி இறுக்கமாக இருக்கிற, இன்னும் திறக்காத கான்சன்ட்ரேட் டப்பாவை வெயில் படாத இடத்தில், பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். திறந்த டப்பாவென்றால் அடுத்த பயணத்துக்கு முன் மேலே சொன்ன ஃப்ரீசர் சோதனையைச் செய்துவிட்டு ஊற்றுங்கள்.